பெயரில்லாப் பட்டியலும் ஒன்று என்னும் எண்ணும்

"பெயரைப் போடவில்லையே, பிறகென்ன குறை?" என்கிறார்கள். நம் பள்ளிகளிலும் இயக்கங்களிலும் மாவட்ட அலுவலகங்களிலும் அட்டவணை தயாரிப்போரிடம், ஏன் இத்தனை நுணுக்கமாகப் பிரித்து அச்சிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஒரே விடைதான் வரும். சொல்பவர் நல்லவராகவே இருப்பார். தாம் ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை என்று மனமார நம்புவார். அந்த நம்பிக்கை நம் தோட்டப்புறத்துக்குச் சற்றும் பொருந்தாது என்பதே என் வழக்கு.

பத்து இலட்சம் பேர் வாழும் நகரில் பெயரை நீக்கினால் ஆளும் மறைந்து போகலாம். லுக்குட்டிலிருந்து லிங்கி வரை பரந்து கிடக்கும் போர்டிக்சன் தோட்டங்களில் அப்படி அன்று. லயத்தில் மூன்றாம் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பது பத்தாம் வீட்டுக்குத் தெரியும். அங்கே ஆளை அறியப் பெயர் வேண்டியதில்லை; வயதும் பாலும் பள்ளியும் போதும். மாணவர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டாத பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுள் மிகப் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஒரு வகுப்பில் பன்னிருவர் இருந்தாலே நிறைவு என்னும் நிலை. அத்தகைய இடத்தில் "ஒன்று" என்று அச்சாகும் எண், எண் அன்று. அது ஒரு குழந்தையின் முகம்.

நம் கைக்கு எட்டிய ஒன்றையே எடுத்துக் கொள்வோம். நான்காம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு 'செகாக்' உடற்றகுதிச் சோதனை நடத்துகிறோம். உயரமும் எடையும் அளந்து, உடல் நிறைக் குறியீடு கணக்கிட்டு, குறை எடை, இயல்பு, மிகை எடை, பருமன் என்று வகைப்படுத்துகிறோம். பிறகு ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் அதை வண்ணத்தாளில் குறிவரைவாக்கி நடைக்கூடத்தில் ஒட்டுகிறார். நான்காம் ஆண்டில் ஆண்கள் ஒன்பதின்மர், பெண்கள் மூவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 'பெண்கள், பருமன்: 1' என்று பட்டை நிற்கிறது. மூன்று சிறுமியருள் அவள் யார் என்று அறிய எந்த மேதையும் வேண்டா. இடைவேளை மணி அடித்த ஐந்தாம் நிமிடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடும். ஆறாம் ஆண்டு முடியும்வரை அது அவளை விடாது.

குறை சொன்னால் திருத்துவார்கள். ஆனால் எப்படித் திருத்துவார்கள்? பட்டையின் மேலிருந்த 1 என்னும் இலக்கத்தை அழித்துவிட்டுப் பட்டையை அப்படியே விட்டுவிடுவார்கள். பக்கத்திலுள்ள அச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அளவு குறித்திருக்க, பட்டையின் உயரமே எண்ணைச் சொல்லிவிடும். அல்லது, எண் வேண்டா, விழுக்காடு போடுவோம் என்பார்கள். 8.3 விழுக்காடு என்று எழுதி, கீழே 'மொத்த மாணவர் 12' என்றும் எழுதுவார்கள். நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் 8.3 என்பது நம் மாணவனுக்கே தெரியும். வட்டக் குறிவரைவாக வரைந்தாலும் தப்பில்லை: பன்னிருவருள் ஒருவருக்குரிய துண்டு 30 பாகைக் கோணம். பாகைமானியை வைத்து அளக்க நாம்தானே கற்றுக் கொடுத்தோம்! ஆகவே குறிவரைவில் ஒன்றை மறைப்பதென்றால் இலக்கம், பட்டை, விழுக்காடு, துண்டு ஆகிய நான்கும் சேர்ந்தே மறைய வேண்டும். மறைத்த இடத்தை வெற்றிடமாகவும் விடலாகாது. வெற்றிடத்தைப் படிப்பவர் சுழியம் என்று கொள்வார், அது பொய். மறைத்ததற்கு உடுக்குறி ஒன்று இட்டு, 'சிறு எண். வெளியிடப்படவில்லை' என்று அடியில் எழுதுவதே நேர்மை.

எந்த எண் வரை சிறு எண்? உலகெங்கும் ஒரே விதி இல்லை. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் மாநிலம், மாவட்டம் என்று பிரித்துக் காட்டும் இறப்புத் தரவுகளில் 1 முதல் 9 வரையுள்ளவற்றை மறைக்கிறது. அந்நாட்டு முதியோர் மருத்துவக் காப்புறுதித் துறை 11-க்குக் குறைந்தவற்றை வெளியிடுவதில்லை. இங்கிலாந்தின் மருத்துவமனைத் தரவில் 1 முதல் 7 வரை உடுக்குறியாகும்; மற்றவை ஐந்தின் மடங்காகத் திருத்தப்படும். நியூசிலாந்தோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்களை முன்னோ பின்னோ மூன்றின் மடங்காகக் குலுக்கல் முறையில் மாற்றி அச்சிட்டு வந்தது. எல்லை எங்கே என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு உண்டே தவிர, எல்லை வேண்டும் என்பதில் இல்லை. ஒன்றை மட்டும் மறைத்தால் போதாதா என்பார்க்கு ஒரு சொல். இரண்டு என்று அச்சிட்டால், அந்த இருவருள் ஒருவர் தம்மைக் கழித்துவிட்டு மற்றவரை அறிந்து கொள்வார். ஒரே நோயுள்ள இருவர் ஒரே லயத்தில் வாழும்போது இது கற்பனை அன்று. குறைந்தது மூன்றாவது இருந்தால்தான் உள்ளிருப்பவருக்கே ஐயம் எழும். ஐந்து என்று எல்லை வைத்தால் இன்னும் நல்லது. நான் ஐந்தையே கொள்கிறேன்.

இனி, பருமனைவிடக் கூர்மையான ஒன்றுக்கு வருகிறேன். நலத்துறையோ ஓர் இயக்கமோ மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, 'வீட்டில் குடியினால் அடிதடி நடப்பதுண்டா?' என்று கேட்கிறது என்க. சம்சு நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதை இந்நூலைப் படிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். விடை யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்கிறோம். குழந்தையும் நம்பி, 'ஆம்' என்று கோடிடுகிறது. இப்போது, நான்கு சிறு பள்ளிகளில் 'ஆம்' என்றோர் தொகை இது. விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள். எந்தப் பள்ளியையும் குறிப்பன அல்ல.

| பள்ளி | ஆண் | பெண் | மொத்தம் |
|---|---|---|---|
| முதலாவது | 6 | 5 | 11 |
| இரண்டாவது | 7 | 1 | 8 |
| மூன்றாவது | 5 | 8 | 13 |
| நான்காவது | 9 | 6 | 15 |
| மொத்தம் | 27 | 20 | 47 |

இரண்டாம் பள்ளியில் ஒரே ஒரு சிறுமி 'ஆம்' என்றிருக்கிறாள். அவள் யார் என்று ஊருக்குத் தெரியாமல் போகலாம். அவள் தந்தைக்குத் தெரியுமா, தெரியாதா? அட்டவணை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் திரையில் ஓடுகிறது. அவரும் அங்கே அமர்ந்திருக்கிறார். அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்? அவள்மேல் விழும் அடிக்கு எந்தச் சட்டப் பிரிவைக் காட்டித் தப்பிப்பீர்கள்? 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அரசாங்கப் பள்ளிக்கு அது வேலி ஆகாது. இருக்கும் வேலி, அட்டவணையைத் தயாரிப்பவரின் அறிவுதான்.

அறிவுள்ளவர் அந்த 1-ஐ மறைத்து உடுக்குறி இடுகிறார். போதுமா? வலப்புறம் மொத்தம் 8 என்று நிற்கிறது; இடப்புறம் ஆண்கள் 7. எட்டில் ஏழு போனால் ஒன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இதுதான். சரி, அந்த 7-ஐயும் மறைப்போம். இப்போது நிரையில் தெரியாது. ஆனால் நிரலில் தெரிகிறது. பெண்கள் மொத்தம் 20. மற்ற மூன்று பள்ளிகளில் 5, 8, 6, அதாவது 19. மீதி ஒன்று. ஆகவே பெண்கள் நிரலில் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். முதலாம் பள்ளியின் 5-ஐ மறைக்கிறோம். மறைத்தவுடன் அந்த நிரை நம்மைக் காட்டிக் கொடுக்கிறது: பதினொன்றில் ஆறு போனால் ஐந்து. எனவே அந்த ஆறும் மறைய வேண்டும். ஒரு சிறுமியைக் காக்க நான்கு கட்டங்கள், ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளாக, உடுக்குறி பெறுகின்றன. இரண்டு நிரைகள், இரண்டு நிரல்கள்; ஒவ்வொன்றிலும் இரண்டு மறைவுகள். இதுதான் குறைந்தபட்ச வேலி.

இந்த வேலி தாங்குமா என்று சோதிக்கவும் வழி உண்டு. அட்டவணையை உருவாக்கியவர் படிப்பவராக மாறி, மறைந்த எண்ணைத் தாமே தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாம் பள்ளிப் பெண்களின் எண்ணிக்கையைத் தெரியாத எண்ணாகக் கொள்ளுங்கள். மறைந்த இரு பெண் கட்டங்களும் சேர்ந்து 6. சுழியத்தை நாம் மறைப்பதில்லை என்பதால், தேடுபவருக்கு அது 1-ஆகவும் இருக்கலாம், 5-ஆகவும் இருக்கலாம், இடையில் எதுவாகவும் இருக்கலாம். எந்த விடையை வைத்தாலும் மற்ற மூன்று கட்டங்கள் பொருந்திவிடுகின்றன. ஐந்து விடைகள் எஞ்சினால் தந்தை உறுதி கொள்ள முடியாது. ஒரே விடை எஞ்சியிருந்தால் உடுக்குறி வெறும் அலங்காரம்.

இதைப் படித்ததும், இத்தனை பாடு எதற்கு என்று தோன்றும். தோன்ற வேண்டும். உண்மையில் இந்த அட்டவணையே இவ்வடிவில் பிறந்திருக்கக் கூடாது. பள்ளி வாரியாக 11, 8, 13, 15 என்று ஒரு வரியும், ஆண் 27, பெண் 20 என்று இன்னொரு வரியும் போட்டால் தீர்ந்தது. உட்கட்டங்கள் எட்டும் வேண்டா. எந்தப் பள்ளிக்கு ஆலோசகரை முதலில் அனுப்புவது என்பதற்கு முதல் வரி போதும். சிறுமியருக்கு ஆசிரியை ஒருவர் வேண்டுமா என்பதற்கு இரண்டாம் வரி போதும். இரண்டையும் குறுக்காகப் பெருக்கி எட்டுக் கட்டங்கள் ஆக்கியவர் எந்த வினாவுக்கு விடை தேடினார்? கணினி ஒரு சொடுக்கில் செய்து தருகிறது என்பதற்காகச் செய்தார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஓட்டை ஒன்று உண்டு. அடுத்த மாதம் வேறோர் இயக்கம், முதலாம், மூன்றாம், நான்காம் பள்ளிகளை மட்டும் சேர்த்து ஓர் அறிக்கை விடுகிறது: பெண்கள் 19. நம் அறிக்கையில் 20. இரண்டையும் அருகருகே வைத்தவுடன் அந்த ஒருத்தி மீண்டும் வெளியே வந்து நிற்கிறாள். ஒவ்வோர் அறிக்கையும் தனித்தனியே குற்றமற்றது. இரண்டும் சேர்ந்தால் குற்றம். ஒரே தரவைப் பலர் பலவாறு வெட்டி அச்சிடும் பழக்கம் நம்மிடையே மிகுதி. மாவட்டத்துக்கு ஒன்று, பெற்றோர் சங்கத்துக்கு ஒன்று, ஆண்டு மலருக்கு ஒன்று! ஒரு தரவுக்கு ஒரே வெட்டு என்று முன்கூட்டியே முடிவு செய்யாதவரை எந்த உடுக்குறியும் காக்காது.

பெரிய எண்ணும் சில நேரம் காட்டிக் கொடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பில் பன்னிருவருக்குப் பன்னிருவரும் 'ஆம்' என்றால் அங்கே சிறு எண்ணே இல்லை. ஆயினும் பன்னிருவர் இரகசியமும் போயிற்று. விதியை மனப்பாடம் செய்தவர் இதைக் கோட்டை விடுவார்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். 2020 மார்ச் 17-ஆம் நாள் மலேசியாவில் கோவிட் நோயால் முதல் இறப்புகள் நிகழ்ந்தன. அதன்பின் அவ்வாண்டு முழுவதும் சுகாதார அமைச்சின் அன்றாட அறிக்கையில் ஒவ்வோர் இறப்பும் ஒரு வாக்கியமாக வந்தது. நோயாளி எண், ஆணா பெண்ணா, வயது, குடியுரிமை, முன்பிருந்த நோய்கள், எந்த மருத்துவமனை என்று எல்லாம் இருக்கும். பெயர் மட்டும் இராது. நாளொன்றுக்கு ஓரிருவரே இறந்த அந்நாள்களில் ஒவ்வொரு வாக்கியமும் 'ஒன்று' என்னும் கட்டம்தான். சிரம்பான் மருத்துவமனையில் இன்ன வயது மூதாட்டி, நீரிழிவும் சிறுநீரக நோயும் இருந்தன என்று படித்தால், அவர் வாழ்ந்த தோட்டத்துக்கு வேறு அடையாளம் வேண்டுமா? மக்களுக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அவருடைய சிறுநீரகம் பற்றிய செய்தி யாருடைய உயிரைக் காத்தது? 2021-இல் அமைச்சு இறப்புத் தரவைக் கோப்பாக இணையத்தில் திறந்து வைத்தது. அதில் மருத்துவமனைப் பெயர் இல்லை. நோய்களின் பெயர்கள் இல்லை, முன்னோய் உண்டா இல்லையா என்ற குறிப்பே உண்டு. இடம் மாநிலம் அளவில் நின்றது. முன்னதைவிட இது மேல். ஆயினும் நாள், மாநிலம், வயது, பால் ஆகியவை ஒரே வரியில் இருக்கின்றன. அன்று சிலாங்கூரில் நூற்றுக்கணக்கில் இறந்தோருள் ஒருவர் மறைந்து கொள்வார். பெர்லிசில் அந்நாளில் இறந்த ஒரே ஒருவர் எங்கே மறைவார்?

ஆளைச் சொல்லாமல் ஊரைச் சொன்னால் தீங்கில்லை என்பார்க்கு நம் மாவட்டமே விடை. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் மூளைக்காய்ச்சலாக வந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரைக் குடித்த கிருமிக்கு, புக்கிட் பெலாண்டோக் பகுதியிலுள்ள சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரை வைத்தார்கள். இன்று கேரளத்தில் அந்நோய் தோன்றினாலும் நிப்பா என்றே செய்தி வருகிறது. இனி நோய்களுக்கு ஊர்ப்பெயர் இடவேண்டா என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. அந்தச் சிற்றூருக்கு அது பதினாறு ஆண்டுகள் பிந்தி வந்த அறிவுரை.

இதுவரை மறைக்கச் சொன்னேன். இனி, மறைப்போரையும் சாட வேண்டியிருக்கிறது. உடுக்குறி வசதியான ஒன்று. எண்ணைச் சொல்ல விரும்பாத அலுவலருக்கு அது நல்ல போர்வை. தோட்டப் பள்ளிகளின் கட்டங்கள் சிறியவை. ஆகவே எல்லாவற்றுக்கும் உடுக்குறி இட்டுவிட்டு, 'தமிழ்ப்பள்ளிகளின் தரவு மிகச் சிறிது. வெளியிட இயலாது' என்று கோப்பை மூடிவிடலாம். குழந்தையை மறைக்கப் புறப்பட்டுச் சமுதாயத்தையே மறைத்தாயிற்று. எண் இல்லாத துயரத்துக்கு ஒதுக்கீடு ஏது? பல் மருத்துவ வண்டி வராது, ஆலோசகர் வரமாட்டார், கேட்டால், பிரச்சினை உண்டென்று எந்த அறிக்கையிலும் இல்லையே என்பார்கள்.

இங்கே இரு வேறு உடுக்குறிகளைக் குழப்புகிறார்கள் என்பதையும் நம்மவர் அறிய வேண்டும். இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு அறிக்கைகளில் 25 பேருக்கும் குறைந்தோரை அடிப்படையாகக் கொண்ட விழுக்காடு உடுக்குறியால் மறைக்கப்படுகிறது. 25 முதல் 49 வரையென்றால் அடைப்புக்குறிக்குள் வருகிறது. அது இரகசியம் காப்பதற்காக அன்று. அத்தனை சிலரை வைத்துச் சொல்லும் விழுக்காடு நம்பத்தக்கதன்று என்பதற்காக. முன்னது ஒருவரைக் காக்கும் மறைவு; பின்னது அவசர முடிவிலிருந்து படிப்பவரைக் காக்கும் மறைவு. எந்தக் காரணத்துக்காக உடுக்குறி இட்டீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எந்தக் காரணமாயினும் அதற்கு மருந்து ஒன்றே: சேர்த்தல். ஒரு பள்ளி போதாதென்றால் நான்கைச் சேருங்கள். ஓராண்டு போதாதென்றால் மூன்றாண்டுகளைச் சேருங்கள். சேர்த்த எண் பெரிதாகும், முகம் மறையும், துயரம் மறையாது.

என் எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். அந்த நான்கு பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை 312 மாணவர் பயில்கிறார்கள் என்று கொண்டால், 47 பேர் என்பது 15 விழுக்காடு. ஏறத்தாழ ஏழு குழந்தைகளில் ஒன்று, மாலையில் வீடு திரும்ப அஞ்சுகிறது. இந்த ஒரு வரியில் எந்தச் சிறுமியும் இல்லை. எந்தத் தந்தைக்கும் இதிலிருந்து தன் மகளைக் கண்டுபிடிக்க முடியாது. மாவட்டக் கல்வி அதிகாரியின் மேசையில் வைக்க இதைவிடக் கனமான தாளும் இல்லை. கூட்டத்தில் யாராவது எழுந்து, "எந்தப் பள்ளி? ஆணா, பெண்ணா? எத்தனை பேர்?" என்று கேட்பார். உதவி செய்யும் பொறுப்பு உள்ளவராயின், ஆலோசக ஆசிரியரோடு தனி அறையில் அமர்ந்து பேசட்டும். பொறுப்பு இல்லாதவராயின், 47 என்பதே அவருக்கு விடை.